அறுபது கேள்விக்கும் சிக்காத புஷ்

புதிதாக ஒரு சப்ளையரைச் சேர்ப்பதற்கு முன்னால், கம்பெனிக்காரர்கள் ஒரு கேள்விப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு அவருடைய பட்டறைக்கு ஆடிட் செய்யப் போவார்கள். அந்தப் பட்டியலோடு எனக்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் தரக்கட்டுப்பாட்டில் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். இன்று புழக்கத்தில் இருக்கும் பட்டியல்களில் பெரும்பாலானவை சப்ளையரின் ஃபைல் அலமாரியைச் சோதித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகின்றன. பொருள் செய்யும் இடத்துக்கு அவை போவதே இல்லை.

மதுரைக்காரர்களுக்கு நான் சொல்வது எளிதில் புரியும். கோச்சடையில் ஃபென்னர், மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டி டயர் தொழிற்சாலை என்று ரப்பர் நம் ஊருக்குப் பழகிய தொழில். கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளில் போய் நின்றால் சிறு ரப்பர் பட்டறைகளின் வாசனை மூக்கில் ஏறும். அப்படி ஒரு பட்டறையில் செய்யும் ஒரே ஒரு பாகத்தை எடுத்துக்கொள்வோம்: வண்டியின் சஸ்பென்ஷனில் வரும் ரப்பர் புஷ். இரும்புக் குழாய்த் துண்டு ஒன்று, அதைச் சுற்றி ரப்பர். அவ்வளவுதான். ஆனால் அந்த ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்தால், வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் வண்டிக்கு அடியில் டக் டக்கென்று சத்தம் வரும். அப்புறம் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். அதற்கும் அப்புறம் நடப்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ரப்பர் இரும்போடு ஒட்டுவது எப்படி? முதலில் குழாயில் இருக்கும் எண்ணெயைப் போக்க வேண்டும். பிறகு இரும்புப் பொடியை வேகமாக அடித்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பிரைமர், அது காய்ந்ததும் கறுப்பாக ஒரு பசை. அதற்குப் பிறகு குழாயை அச்சில் வைத்து, ரப்பர் கலவையையும் வைத்து, பிரஸ்ஸில் ஏறக்குறைய 150 டிகிரி சூட்டில் சில நிமிஷம் வேக வைக்க வேண்டும். ரப்பர் வேகும் அந்த நேரத்தில்தான் பசையும் இரும்பையும் ரப்பரையும் பிடிக்கிறது.

இதில் எங்கே வேண்டுமானாலும் கெடலாம். பொடி அடித்த குழாயை வெறும் கையால் தொட்டால் போச்சு, விரலின் எண்ணெய்ப் பசை போதும். ஐப்பசி ஈரத்தில் அதைச் சில மணி நேரம் திறந்து போட்டால் கண்ணுக்குத் தெரியாத துரு ஏறும். பசை டின்னைக் கலக்காமல் விட்டால் சத்தெல்லாம் அடியில் தங்கி, மேலே வெறும் தண்ணி மாதிரி நிற்கும். அதைத்தான் பிரஷ் எடுக்கும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இப்படிக் கெட்ட புஷ்ஷும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அளவு சரியாக இருக்கும். ரப்பரின் கடினத்தன்மையை மீட்டர் வைத்து அழுத்திப் பார்த்தாலும் சரியாகவே காட்டும். பிடிப்பு எவ்வளவு உறுதி என்று நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் புஷ்ஷை இழுத்துக் கிழித்துத்தான் பார்க்க வேண்டும். கிழிந்த பிறகு இரும்பின் மேல் ரப்பர் அப்பிக்கொண்டு நின்றால் பிடிப்பு நல்லது. ரப்பர்தான் கிழிந்திருக்கிறது, ஒட்டு விடவில்லை என்று அர்த்தம். வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து இரும்பு பளிச்சென்று தெரிந்தால், அந்த வேளையில் ஓடிய அத்தனை புஷ்ஷும் சந்தேகம். கிழித்துப் பார்த்த புஷ்ஷை விற்க முடியாது, விற்கும் புஷ்ஷைக் கிழித்துப் பார்க்க முடியாது. அதனால்தான் இந்த மாதிரி பாகத்துக்குச் செய்முறையையே நேரில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆடிட் என்ற ஒன்று இருப்பதற்கே இதுதான் காரணம்.

ஆனால் பட்டியலில் என்ன இருக்கிறது? தரக் கொள்கையை வாசலில் மாட்டியிருக்கிறீர்களா? நிர்வாக அமைப்பு வரைபடம் உண்டா? பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறதா? மின்தடைக்கு மாற்று ஏற்பாடு உண்டா? இப்படி அறுபது கேள்வி, கேள்விக்குப் பத்து மார்க், மொத்தம் 600. ஒட்டும் வேலைக்கு என்று அதில் ஒரே கேள்வி: "சிறப்புச் செய்முறைகள் கட்டுப்பாட்டில் உள்ளனவா?" கணக்கைப் பாருங்கள். ஒரு பட்டறைக்கு ஒட்டத் தெரியவே தெரியாது, மற்ற எல்லாம் முழு மார்க் என்றால் 600க்கு 590. அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல். நீச்சல் தெரியாதவனுக்கு மற்ற பாடத்தில் மார்க் போட்டுப் படகோட்டி வேலை கொடுப்பது போல!

இது கற்பனைக் கணக்கு இல்லை. இரண்டு பட்டறைகளை ஒரே வாரத்தில் நான் பார்த்தேன். பெயர் வேண்டாம். முதல் இடத்தில் டைல்ஸ் தரை, கலர் கலராக ஃபைல்கள், கேட்டால் அரை நிமிஷத்தில் தாள் கைக்கு வரும். பொடி அடித்த குழாய்கள் மட்டும் ஒரு திறந்த கூடையில் கிடந்தன. எப்போது அடித்தது என்று எழுதிய சீட்டு இல்லை. பையன் வெறும் கையால் அள்ளிப் பசை தடவினான். இரண்டாவது இடம் தகரக் கொட்டகை. ஃபைல் கேட்டால் முதலாளி தலையைச் சொறிந்தார். ஆனால் ஒவ்வொரு தட்டுக் குழாயின் மேலும் பொடி அடித்த நேரம் சாக்பீஸில் எழுதியிருந்தது. பசை டின்னுக்குப் பக்கத்தில் கலக்கும் துடுப்பு. மூலையில் ஒரு பெட்டி நிறைய, வேளைக்கு இரண்டு வீதம் கிழித்துப் பார்த்த புஷ்கள், தேதியோடு.

பிரஸ்ஸில் நின்ற பையனிடம் கேட்டேன்: "தம்பி, பாதி வேகும்போது கரண்ட் போனா என்னப்பா செய்வ?"

"அந்த ஷாட்ட எடுத்து இந்தச் சிவப்புத் தொட்டில போட்டிருவோம் சார். திரும்ப வேக வைக்கக் கூடாதுன்னு மொதலாளி சொல்லிருக்காரு."

2012ல், வெளி மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்தில் இந்த ஒரு பதிலுக்கு எத்தனை மார்க் கொடுக்கலாம்? பட்டியலில் இதற்கு இடமே இல்லை. ஜெனரேட்டர் வாங்கிய பில் இருந்தால் பத்து மார்க்.

டைல்ஸ் தரைக்கு 87 சதவீதம், தகரக் கொட்டகைக்கு 64. தேர்ச்சி 75. பார்த்ததை எல்லாம் தனித்தாளில் எழுதிக் கொடுத்தேன். கொள்முதல் பிரிவு எண்ணைப் பார்த்தது, தாளைப் பார்க்கவில்லை. ஐந்து மாதத்தில் உரிந்த புஷ்கள் திரும்பி வந்தன. இரும்பு கண்ணாடி மாதிரி பளபளத்தது.

"பட்டியல் இல்லாவிட்டால் ஆடிட்டர் வேண்டியவனுக்கு ஒன்று, வேண்டாதவனுக்கு ஒன்று என்று நடப்பாரே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அந்தக் கூத்தையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே பட்டியலைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. கூட்டிச் சராசரி எடுப்பதைத்தான் எதிர்க்கிறேன். ஜெர்மன் கார் கம்பெனிகள் பயன்படுத்தும் வி.டி.ஏ. 6.3 முறையிலும் மார்க் உண்டு, 90க்கு மேல் 'ஏ' கிரேடு உண்டு. ஆனால் சில கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி போட்டிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றில் பூஜ்யம் வாங்கினால் மொத்தம் எவ்வளவு வந்தாலும் கிரேடு 'சி'தான். நம் ஆட்கள் மார்க் போடும் முறையைக் காப்பியடித்தார்கள், நட்சத்திரத்தை விட்டுவிட்டார்கள்.

"ஐ.ஏ.டி.எஃப். 16949 கேட்கிறது, நாங்கள் என்ன செய்ய?" என்பது அடுத்த சாக்கு. 2016ல் வந்த அந்தத் தர விதி, சப்ளையரின் தர நிர்வாக முறையை மதிப்பிடச் சொல்வது உண்மை. ஆனால் அவரால் பொருளின் தரத்துக்கும் தடையில்லாத சப்ளைக்கும் என்ன ஆபத்து என்று எடை போடவும் சொல்கிறது. பல துறையினரும் உட்கார்ந்து முடிவெடுக்கச் சொல்கிறது. அறுபது கேள்வி கேட்டுக் கூட்டு என்று எங்கும் சொல்லவில்லை.

இன்னொன்று, காலம். ஆடிட் எப்போதும் மார்கழி, தையில்தான் வருகிறது. வருகிறவர்களுக்குக் குளுகுளுவென்று இருக்க வேண்டுமே. ரப்பர் கலவையில் கந்தகமும் வேகத்தைத் தூண்டும் மருந்தும் ஏற்கெனவே கலந்திருக்கும். சூட்டில் வைத்தால் அச்சுக்குப் போகும் முன்பே மெல்ல வேகத் தொடங்கிவிடும். அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரையில், தகரத்துக்கு அடியில் அடுக்கிய கலவை பாதி வெந்தே கிடக்கும். பாதி வெந்த ரப்பர் சரியாகப் பரவாது, பசையைப் பிடிக்காது. அதே பட்டறை தையில் பாஸ், சித்திரையில் ஃபெயில். இதில் நான் மெச்சிய தகரக் கொட்டகைக்கும் விலக்கு இல்லை. கலவை இருக்கும் அறையில் வெயில் காலத்து மதியச் சூடு எவ்வளவு, எழுதி வைத்திருக்கிறீர்களா என்று எந்தப் பட்டியலாவது கேட்கிறதா?

என்னைக் கேட்டால், முதல் ஒரு மணி நேரம் ஃபைலைத் திறக்கவே கூடாது. அனுப்பத் தயாராக இருக்கும் பெட்டியிலிருந்து ஆடிட்டரே ஒரு புஷ்ஷை எடுக்க வேண்டும். இது எந்தப் பிரஸ்ஸில், எந்த வேளையில் வெந்தது? எந்தக் கலவை, என்றைக்கு அரைத்தது? எந்தப் பசை டின், என்றைக்குத் திறந்தது? குழாய்க்கு எப்போது பொடி அடித்தார்கள், எத்தனை மணி நேரம் கழித்துப் பசை தடவினார்கள்? இப்படிப் பின்னோக்கியே நடக்க வேண்டும். எந்த இடத்தில் பதில் அறுந்துபோகிறதோ, அங்கேதான் நாளைக்குக் கோளாறு வரும். கடைசியாக அந்தப் புஷ்ஷைக் கண்முன்னால் கிழித்துப் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் சரிசெய்யும் வரை ஆர்டர் இல்லை. மற்ற அறுபதையும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகக் கேட்டுக்கொள்ளட்டும்.

கம்பெனிக்காரர்களிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். வேளைக்கு இரண்டு புஷ் கிழிக்கச் சொல்கிறீர்களே, அந்த இரண்டுக்கும் விலையில் இடம் வைத்தீர்களா? பைசா பைசாவாக விலையைக் குறைத்துவிட்டுச் சோதனையையும் இலவசமாகக் கேட்டால், சின்னப் பட்டறைக்காரர் கிழிக்காமலே கிழித்ததாக எழுதத்தான் செய்வார். அந்தத் தாளைப் பார்த்து நீங்களும் பத்து மார்க் போடுவீர்கள்.