பூட்டு திறக்கும் தேதி

கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் ஓய்வூதியக்காரர்களிடையே இப்போது ஐ.பி.ஓ. பேச்சுதான். போன வாரம் ஒரு நண்பர், "அலாட்மென்ட் கிடைக்கவில்லை சார், லிஸ்டிங் அன்று சந்தையிலேயே வாங்கிவிடப் போகிறேன்" என்றார். வேண்டாம் என்றேன். நடந்துகொண்டே சொல்ல முடியாமல் போன காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

சொமாட்டோவை எடுத்துக்கொள்வோம். 2021 ஜூலையில் பங்கு 76 ரூபாய்க்கு வெளியானது. இருந்ததைப்போல் சுமார் 38 மடங்குக்கு விண்ணப்பங்கள். 23ஆம் தேதி பட்டியலானபோது தேசியப் பங்குச் சந்தையில் முதல் விலையே 116 ரூபாய். ஒரு வாரத்துக்குள் கம்பெனி அவ்வளவு வளர்ந்துவிட்டதா? இல்லை. பட்டியலாகும் காலையில் 10 மணி வியாபாரத்துக்கு முன் ஒரு ஏலம் மாதிரி நடக்கும். வாங்குவோர், விற்போர் கேட்கும் விலைகளைச் சேர்த்துப் பார்த்து, எந்த விலையில் அதிகப் பங்குகள் கைமாறுமோ அதையே தொடக்க விலையாக வைப்பார்கள். பங்கு கிடைக்காத கூட்டம் அன்று வாங்க வந்து நிற்கிறது. விற்பனைக்கு வருவதோ கொஞ்சம். விலை ஏறாமல் என்ன செய்யும்? வெளியீட்டு விலையே அதிகம் என்று சந்தை நினைத்தால் இதே ஏலம் கீழே இறக்கும். 2022 மே மாதம் எல்.ஐ.சி. பங்கு 949க்கு வெளியாகி 872இல் தொடங்கியது அப்படித்தான்.

விற்பனைக்கு ஏன் கொஞ்சமாக வருகிறது? அங்கேதான் லாக்-இன் என்ற பூட்டு. ஐ.பி.ஓ.வுக்கு முன்பே பங்கு வைத்திருந்தவர்கள் குறிப்பிட்ட காலம்வரை அதை விற்கக் கூடாது என்பது செபியின் விதி. வாக்குரிமைக்கும் டிவிடெண்டுக்கும் தடையில்லை. விற்பதற்கு மட்டும்தான் தடை. நம்மைப்போல் பொது ஒதுக்கீட்டில் பெற்றவர்களுக்குப் பூட்டே கிடையாது, அன்றே விற்கலாம்.

சொமாட்டோவில் சுமார் 613 கோடி பங்குகள், அதாவது மொத்தத்தில் முக்கால் பாகத்துக்கு மேல், ஓராண்டுக்குப் பூட்டப்பட்டிருந்தன. (அந்த ஓராண்டைப் பிற்பாடு ஆறு மாதமாகக் குறைத்துவிட்டார்கள், புரமோட்டர்களுக்குக் கணக்கு வேறு.) ஆக, அந்த 116 ரூபாய் என்பது கால் பாகத்துக்கும் குறைவான பங்கை வைத்து வந்த விலை. பூட்டு திறந்தபின் முதல் வியாபார நாள் 2022 ஜூலை 25. அன்று ஒரே நாளில் பங்கு 11 சதவீதம்போல் விழுந்து 47 ரூபாய்ச் சில்லறையில் முடிந்தது. அந்த வருஷம் சந்தையே இந்த மாதிரிக் கம்பெனிகளை இறக்கிக்கொண்டிருந்தது, முழுப் பழியையும் பூட்டின்மேல் போட முடியாது. ஆனால் அந்த ஒரு நாள் அடி பூட்டு திறந்ததால் வந்தது.

லிஸ்டிங் காலையில் 195 பங்கு வாங்கியவர் 22,620 ரூபாய் கொடுத்திருப்பார். 2022 ஜூலை 25 மாலை அவர் கையில் 9,300 போல இருந்திருக்கும். பிற்பாடு அந்தப் பங்கு 116ஐத் தாண்டி நன்றாகவே ஏறியது, உண்மைதான். எழுபதைத் தாண்டியவர்கள் மருந்துச் செலவுப் பணத்தை வைத்துக்கொண்டு அதுவரை காத்திருக்க முடியுமா?

லாக்-இன் விவரம் வெளியீட்டு ஆவணத்திலேயே இருக்கும். நண்பரிடம் அந்தப் பக்கத்தைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.