பச்சை மேல சிவப்பு எழுத்து வேண்டாமே

போன வாரம் நம்ம கோயில் நேரலைக்கு நான் செஞ்ச தம்ப்நெயில்ல, வாழையிலைப் பச்சை மேல சிவப்புல "பால்குடம், காலை 7 மணி"னு போட்டிருந்தேன். கிள்ளான்ல இருந்து ஓர் அண்ணன் போன் பண்ணி, "தம்பி, நேரமே போடலையே?"னு கேட்டார். அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிஞ்சு தெரியாது.

தப்பு என்னோடதுதான். நிறம் ரெண்டும் வேற, ஆனா வெளிச்ச அளவு கிட்டத்தட்ட ஒண்ணு. கான்ட்ராஸ்ட் செக்கர்ல #008000 பச்சை மேல #FF0000 சிவப்பை வெச்சுப் பார்த்தேன்: 1.28:1 தான் வந்தது. WCAG விதிப்படி சாதாரண எழுத்துக்குக் குறைஞ்சது 4.5:1 வேணும். பெரிய எழுத்துக்கு 3:1 போதும்னாலும், தம்ப்நெயில் கைப்பேசியில சுருங்கிடும், அதை நம்பக் கூடாது. அதே எழுத்தை மஞ்சளாக்கி (#FFFF00), பின்னாடி அரக்கு (#800000) வெச்சேன். 10:1 தாண்டிடுச்சு. மங்களகரமும் குறையல.

பதிவேத்துறதுக்கு முன்னாடி கைப்பேசியைக் கறுப்பு வெள்ளைக்கு மாத்திப் பாருங்க. எழுத்து மறைஞ்சா மாத்தணும். ஒண்ணு மட்டும் இதுல சிக்காது: கறுப்பு மேல சிவப்பு. கணக்குல 5.25:1 வந்து பாஸாகும், ஆனா சிலர் கண்ணுக்குச் சிவப்பே கருத்துத்தான் தெரியும். அதனால நேரத்தையும் இடத்தையும் சிவப்புல எழுதவே வேண்டாம்ங்கிறது என் கருத்து.