உராய்வற்ற கப்பி எங்கே விற்கிறது?



தொடக்கப்பள்ளியில் நாம் உராய்வைக் கற்பிக்கிறோம். விளையாட்டு வண்டியைக் கம்பளத்திலும் பளிங்குத் தரையிலும் ஓட்டிக் காட்டி, எது விரைவில் நிற்கிறது என்று கேட்கிறோம். அதே பிள்ளைகள் பின்னாளில் இயற்பியல் பயிற்சி நூலைத் திறந்தால், 'கப்பி உராய்வற்றது எனக் கொள்க' என்னும் வரி அவர்களை வரவேற்கிறது. முதல் பாடத்திற்கு இவ்வெளிமை தகும். இறுதிவரை அதையே பிடித்துக்கொண்டிருப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

ஒரு கப்பியின்மேல் நூலைப் போட்டு, இரு முனைகளிலும் எடைகளைத் தொங்கவிடும் கருவிக்கு அட்வுட் பொறி என்று பெயர். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜார்ஜ் அட்வுட், 1784இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். அவர் உராய்வைப் புறக்கணிக்கவில்லை. கப்பியின் அச்சைச் சுழலும் சிறு சக்கரங்களின் விளிம்பில் அமர்த்தி, உராய்வைக் குறைக்கப் பாடுபட்டார். அவர் உழைத்துக் குறைத்ததை நாம் ஒரே சொல்லில் ஒழித்துவிடுகிறோம்.

விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பக்கம் 260 கிராம், மறுபக்கம் 240 கிராம். கப்பி 100 கிராம் பொருண்மையும் 5 செ.மீ. ஆரமும் கொண்ட சீரான வட்டு. அச்சின் உராய்வு, சுழற்சியை எதிர்த்து 0.00245 நியூட்டன் மீட்டர் என்ற மாறாத முறுக்குவிசையைத் தருகிறது. இதை ஆரத்தால் வகுத்தால் 0.049 நியூட்டன். அஃதாவது, வெறும் 5 கிராமின் எடை.

உராய்வு இருப்பதால் நூலின் இரு பக்க இழுவிசைகளும் சமமாக இரா. அவற்றின் வேறுபாடுதான் உராய்வை வென்று கப்பியையும் சுழற்றுகிறது. இரு எடைகளுக்கும் கப்பிக்கும் தனித்தனியே சமன்பாடு எழுதிக் கூட்டினால் கிடைப்பது:

a = ((m1 − m2)g − τ/R) / (m1 + m2 + I/R²)

சீரான வட்டுக்கு I/R² என்பது அதன் பொருண்மையில் பாதி, இங்கே 0.05 கிலோகிராம். மேலே 0.196 − 0.049 = 0.147, கீழே 0.55. எனவே முடுக்கம் ஏறத்தாழ 0.267 மீ/வி². கப்பியின் பொருண்மையையும் உராய்வையும் புறக்கணித்தால் 0.392 வரும். ஒரு மீட்டர் இறங்க 2.26 வினாடி ஆகும் என்று ஏடு சொல்ல, கருவி 2.74 வினாடி எடுத்துக்கொள்கிறது. சாதாரண நிறுத்துக் கடிகாரமே இவ்வேறுபாட்டைக் காட்டிவிடும்.

இந்த அளவீட்டைக் கொண்டு ஏட்டுச் சூத்திரத்தின்படி புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டால் 6.68 வரும். கப்பியின் பொருண்மையை மட்டும் சேர்த்துக்கொண்டால் 7.35. இது 9.8இல் சரியாக முக்கால் பங்கு. இயக்கும் 20 கிராமில் 5 கிராமை அச்சு விழுங்கிவிட்டதே காரணம். மாணவனோ 'சோதனைப் பிழை' என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறான். அவன் அளந்ததில் பிழையில்லை; அவனுக்குக் கொடுத்த சூத்திரத்தில்தான் குறை.

உராய்வை அளப்பதும் கடினமன்று. மொத்தம் 500 கிராம் மாறாதபடி, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குச் சிறிது சிறிதாக எடையை மாற்றி, ஒவ்வொரு முறையும் மெல்லத் தட்டிவிட வேண்டும். எந்த வேறுபாட்டில் பொறி விரைவு மாறாமல் ஓடுகிறதோ, அதுவே உராய்வுக்கு ஈடான எடை. இங்கே 252.5உம் 247.5உம் வைக்கும்போது அது நிகழும். மொத்தத்தை ஏன் மாற்றக்கூடாது? அச்சின்மீது பாரம் கூடினால் உராய்வும் கூடும். 'மாறாத முறுக்குவிசை' என்பதும் பாரம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்வரைதான் பொருந்தும்.

சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவோருக்கு இங்கே இரண்டு பள்ளங்கள் உண்டு. வேறுபாடு 3 கிராமாக இருந்தால் விடை எதிர்ம எண்ணாக வரும். கனமான பக்கம் மேலேறும் என்று அதற்குப் பொருளன்று. ஓய்விலிருக்கும் பொறி அசையாது என்பதே பொருள். அடுத்து, கனமான பக்கத்தை மேல்நோக்கித் தள்ளிவிட்டால் சுழற்சி திரும்புகிறது. உராய்வும் திசை மாறி எடை வேறுபாட்டோடு சேர்ந்துகொள்கிறது. அப்போது மேலே 0.245 வரும், பொறி 0.445 மீ/வி² வீதம் வேகம் குறைந்து நிற்கும். உராய்வு எத்திசையில் என்று ஒவ்வொரு முறையும் கேட்கவைப்பதே இக்கணக்கின் பயன்.

உராய்வற்ற கப்பியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பெற்றோர்களே, பிள்ளையின் ஆய்வேட்டில் 'சோதனைப் பிழை' என்று கண்டால், எத்தனை கிராம் பிழை என்று கேளுங்கள். ஆசிரியர்களே, அந்த 5 கிராமை அளக்க ஒரு பாடவேளை ஒதுக்குங்கள்.