"தொட்டாச்சிணுங்கி" என்று சொல்லிவிட்டால்?

போன மாதம் பாடற்குழுப் பயிற்சி முடிந்ததும் எங்களில் ஒருத்தி தன் தோழியிடம், "நான் வேத வாசிப்பில் தடுமாறினதை நீ பழித்துக்காட்டி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது எனக்கு நொந்தது" என்றாள். உடனே பதில் வந்தது: "ஐயோ, அது பகிடி. நீ சரியான தொட்டாச்சிணுங்கி."

இந்த நாட்டில் பிறந்து, ஞாயிறு பள்ளியில் எழுத்துக்கூட்டித் தமிழ் படித்த நமக்கு அந்தக் குரற்பதிவு எவ்வளவு சுடும் என்று விளக்கத் தேவையில்லை.

அவள், "நான் அப்படிப்பட்டவள் இல்லை" என்று வாதாடத் தொடங்கினாள். எதற்கெல்லாம் கோபப்படாமல் இருந்தாள் என்று பழைய கதைகளை எடுத்தாள். பத்து நிமிடத்தில் பேச்சு முழுவதும் அவளுடைய சுபாவத்தைப் பற்றியதாகிவிட்டது. குரற்பதிவை எல்லோரும் மறந்துபோனார்கள். கடைசியில் மன்னிப்புக் கேட்டவளும் அவள்தான்!

நாம் வழுக்குவது இந்த இடத்தில்தான். "நீ எப்படிப்பட்டவள்" என்ற வழக்கை நாம் ஏற்க வேண்டியதில்லை.

தாதியராக வேலை செய்யும் நாங்கள் நோயாளியிடம் வலியை 0 முதல் 10 வரை எண்ணிச் சொல்லச் சொல்வோம். ஒரே சத்திரசிகிச்சை செய்த இருவரில் ஒருவர் 3 என்பார், மற்றவர் 8 என்பார். 8 என்றவரிடம், "நீங்கள் கூட்டிச் சொல்கிறீர்கள்" என்று சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த தடவை வலியை மறைப்பார், காயத்தில் கிருமி பிடித்தாலும் நமக்குத் தெரியாமல் போகும். எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, எதனால் கூடுகிறது என்றுதான் கேட்போம். நோயாளி எவ்வளவு வலிக்கிறது என்கிறாரோ அவ்வளவுதான் வலி என்று மார்கோ மக்காஃபரி என்ற அமெரிக்கத் தாதி 1968லேயே எழுதிவிட்டார்.

ஆகவே பதில் சின்னதாக இருக்கட்டும். "நான் தொட்டாச்சிணுங்கியாகவே இருக்கட்டும். அந்தப் பதிவு எனக்கு நொந்தது. இனி என் வாசிப்பைக் குரூப்பில் போடாதே." அதற்குப் பிறகு பேசாமல் இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம். மௌனம் தாங்காமல் நாமே, "பரவாயில்லை, விடு" என்று சொல்லி எல்லாவற்றையும் கெடுத்துவிடுவோம்.

சில வேளை தோழி சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். இரவு வேலை முடித்து வந்த காலையில் எங்களுக்கு எந்தச் சொல்லும் இரண்டு மடங்கு குத்தும். அப்போது, "களைப்பில் குரலை உயர்த்திவிட்டேன், அது என் பிழை. பதிவு நொந்தது வேறு விஷயம்" என்று இரண்டையும் பிரித்துச் சொல்லலாம். நல்ல தோழி அன்றே இல்லாவிட்டாலும் நாலு நாளிலாவது, "நான் என்ன சொன்னதில் நொந்தது?" என்று கேட்பாள். ஒவ்வொரு தடவையும் அதே பட்டம்தான் வருகிறதென்றால், மனத்தில் உள்ளதை அவளிடம் சொல்வதைக் குறைத்துக்கொள்வதில் பாவமில்லை.

எங்கள் பிள்ளை இரண்டு நாள் கழித்துத் தோழியைத் தனியே அழைத்து அந்த மூன்று வசனங்களையும் சொன்னாள். தோழி நெடுநேரம் பேசாமலிருந்து, "சரி, இனிப் போடமாட்டேன்" என்றாள். மன்னிப்பு இன்னும் வரவில்லை. வருகிற ஞாயிறு வாசிப்புக்கு அவள் பெயர் கொடுத்திருக்கிறாள்.