வட்டி எப்போது குட்டி போடும்?

பாங்கியில் பணம் போடப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வட்டி எவ்வளவு?" என்பதுதான். "நூற்றுக்கு 7" என்று பதில் வந்தால், திருப்தியோடு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து விடுகிறார்கள்.

கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி ஒன்று இருக்கிறது. "அந்த வட்டியை எப்போது அசலோடு சேர்ப்பீர்கள்?" என்பதே அது. பலர் இதைக் கேட்பது இல்லை.

வட்டி வீதம் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால், இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்து, 1 லட்சம் ரூபாய் டெபாசிட்டுக்கு 5 ஆண்டில் 6 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கூடவோ குறையவோ செய்யும்.

இப்போது இதைத் தெரிந்துகொள்ளக் காரணம் உண்டு. 2025-ம் ஆண்டில் ரிசர்வ் பாங்கி 4 தடவை வட்டியைக் குறைத்தது. மற்ற பாங்கிகளுக்கு அது கொடுக்கும் கடனுக்கான "ரெப்போ" வட்டி, அந்த ஆண்டுத் தொடக்கத்தில் 6½ சதவீதமாக இருந்தது. டிசம்பரில் 5¼ ஆகி விட்டது. அதைத் தொடர்ந்து டெபாசிட் வட்டியும் இறங்கியது. கால் சதவீதமாவது கூடுதலாகக் கிடைக்காதா என்று, ஓய்வு பெற்றவர்கள் இடம் இடமாக விசாரிக்கிறார்கள். அப்படி அலைந்து பிடிக்கும் கூடுதல் வட்டி, கணக்குப் போடும் முறையிலேயே காணாமல் போய் விடலாம்!

அண்ணனும் தம்பியும்

ஓர் அண்ணன், ஒரு தம்பி. இருவரும் ஒரே நாளில் ஒரே பாங்கியில் ஆளுக்கு 1 லட்சம் ரூபாய் போடுகிறார்கள். வட்டி நூற்றுக்கு 7. காலம் 5 ஆண்டு.

அண்ணனுக்குக் குடும்பச் செலவு இருக்கிறது. "3 மாதத்துக்கு ஒரு தடவை வட்டியைக் கொடுத்து விடுங்கள்" என்கிறார்.

தம்பிக்கு இப்போது பணம் தேவை இல்லை. "வட்டியை அசலோடு சேருங்கள். முடிவில் மொத்தமாக வாங்கிக் கொள்கிறேன்" என்கிறார்.

ஆண்டுக்கு 7 சதவீதம் என்றால், 3 மாதத்துக்கு 1¾ சதவீதம். அண்ணனின் சேமிப்புக் கணக்கில் 3 மாதத்துக்கு ஒரு முறை 1,750 ரூபாய் வரவாகும். இப்படி 20 தடவை. ஆக மொத்தம் 35 ஆயிரம் ரூபாய். கடைசியில் அசல் 1 லட்சமும் திரும்பி வரும்.

தம்பியின் கணக்கு வேறு மாதிரி ஓடும். முதல் 3 மாதத்தில் அவருக்கும் அதே 1,750 ரூபாய்தான். ஆனால், அது அசலோடு சேர்ந்து விடுகிறது. அடுத்த 3 மாதத்துக்கு அசல் 1,01,750 ரூபாய். அதற்கு வட்டி 1,780 ரூபாய் 63 காசு. இதுவும் அசலில் சேருகிறது. மூன்றாவது காலாண்டு வட்டி 1,811 ரூபாய் 79 காசு. நான்காவது காலாண்டு வட்டி 1,843 ரூபாய் 49 காசு.

முதல் ஆண்டு முடிவில் தம்பி கணக்கில் இருப்பது 1,07,185 ரூபாய் 91 காசு. அண்ணனுக்குக் கிடைத்த 7 ஆயிரத்தைவிட இது சுமார் 186 ரூபாய் அதிகம். ஆண்டுகள் செல்லச் செல்ல இந்த வித்தியாசம் வளரும். 5 ஆண்டு முடிவில் தம்பியின் கைக்கு வருவது 1,41,478 ரூபாய்.

அண்ணனுக்கு வட்டி 35,000. தம்பிக்கு 41,478. வித்தியாசம் 6,478 ரூபாய்!

அண்ணன் ஏமாந்தாரா?

இல்லை. அண்ணன் ஏமாறவில்லை. அவர் 1,750 ரூபாயை 3 மாதத்துக்கு ஒரு தடவை கையில் வாங்கி, அனுபவித்து விட்டார். அந்தப் பணத்தை அவ்வப்போது அதே வட்டிக்கு வேறு ஓர் இடத்தில் போட்டிருந்தால், அவருக்கும் 1,41,478 ரூபாய் சேர்ந்திருக்கும்.

தம்பி வட்டியைத் தொடவில்லை. பாங்கியே அதை வைத்துக்கொண்டது. வைத்துக்கொண்ட பணத்துக்கு வட்டி கொடுத்தது. அந்த வட்டிக்கு வட்டிதான் 6,478 ரூபாய். கணக்கு நியாயமானது.

நியாயம் தவறுவது மூன்றாவது முறையில்.

மூன்றாவது முறை

"வட்டி முழுவதும் முதிர்வில் கொடுக்கப்படும்" என்று ஓர் இடத்தில் சொல்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். தம்பிக்கும் முதிர்வில்தானே கொடுத்தார்கள்? ஆகையால், இரண்டும் ஒன்று என்று நினைக்கத் தோன்றும். ஒன்று அல்ல.

"முதிர்வில் வட்டி" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. காலாண்டு தோறும் வட்டியை அசலில் சேர்த்து, பெருகிய தொகையை முதிர்வில் கொடுப்பது ஒன்று. இது கூட்டு வட்டி. 5 ஆண்டுக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டு, அதை முதிர்வில் கொடுப்பது மற்றொன்று. இது தனி வட்டி.

தனி வட்டியில் 1 லட்சம் ரூபாய்க்கு 5 ஆண்டில் கிடைப்பது 35 ஆயிரம் ரூபாய். அண்ணன் வாங்கிய அதே தொகைதான். ஆனால், அண்ணனைப்போல இடையில் கையில் பணம் வராது. தம்பியைப்போல வட்டி குட்டி போடுவதும் இல்லை. பணத்தைப் போட்டவருக்கு இரண்டு பக்கமும் நஷ்டம்!

வீதத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் இந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. ஓர் இடத்தில் 7 சதவீதம், காலாண்டுக் கூட்டு வட்டி. இன்னோர் இடத்தில் 7½ சதவீதம், முதிர்வில் தனி வட்டி. எது லாபம்? 7½ என்றுதான் வாய் சொல்லும். கணக்குப் போட்டால், 7½ சதவீதத்தில் கிடைப்பது 1,37,500 ரூபாய். 7 சதவீதத்தில் கிடைப்பது 1,41,478 ரூபாய். வட்டி குறைவான இடத்தில், பணம் 3,978 ரூபாய் கூடுதல்!

குறுகிய காலம்

தனி வட்டி என்றாலே மோசம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 6 மாதத்துக்கு உட்பட்ட டெபாசிட்டுக்குப் பல பாங்கிகள் தனி வட்டிதான் போடுகின்றன. ஆண்டை 365 நாளாக வைத்து, பணம் இருந்த நாட்களை எண்ணிக் கணக்கிடுகிறார்கள். 1 லட்சம் ரூபாயை 5 சதவீதத்தில் 100 நாள் போட்டால் 1,369 ரூபாய் 86 காசு வரும். இவ்வளவு சிறிய காலத்தில் வட்டி குட்டி போட நேரமே இல்லை. வித்தியாசம் சில ரூபாய்தான்.

காலம் நீள நீளத்தான் வித்தியாசம் பெரிதாகும். 7 சதவீதத்தில் காலாண்டுக் கூட்டு வட்டியாக 10 ஆண்டு விட்டு வைத்தால், 1 லட்சம் 2,00,160 ரூபாய் ஆகி விடும். தனி வட்டியில் 1,70,000 ரூபாயோடு நின்று விடும்.

தபால் ஆபீசில்

தபால் ஆபீஸ் கால டெபாசிட்டில் இன்னொரு முறை இருக்கிறது. அங்கே வட்டியைக் காலாண்டுக் கூட்டு வட்டியாகக் கணக்கிடுகிறார்கள். ஆனால், ஆண்டுக்கு ஒரு முறை கொடுத்து விடுகிறார்கள். 7½ சதவீதத்தில் 10 ஆயிரம் ரூபாய்க்கு, ஆண்டுக்கு 750 ரூபாய் அல்ல, 771 ரூபாய் வருவது இதனால்தான்.

ஆண்டு முடிவில் அந்த 771 ரூபாயை எடுக்காமல் விட்டால், அதற்கு மேற்கொண்டு வட்டி கிடையாது. "அங்கேயே இருக்கட்டும், பெருகும்" என்று நினைத்து விட்டு வைப்பவர்களுக்குப் பெருகுவது இல்லை. எடுத்துச் சேமிப்புக் கணக்கிலாவது போடுவதே நல்லது.

விளம்பரத்தில் 10 சதவீதம்

"10 ஆண்டில் உங்கள் பணம் இரட்டிப்பு. ஆண்டுக்கு 10 சதவீத லாபம்!" என்று ஒரு விளம்பரம் வந்தால் என்ன செய்வது?

அது முழுப் பொய்யாக இருக்க வேண்டியது இல்லை. 7 சதவீத டெபாசிட்டே 10 ஆண்டில் இரட்டிப்பாகிறது. கூடுதலாக வந்த 1 லட்சத்தை 10-ஆல் வகுத்தால், ஆண்டுக்கு 10 ஆயிரம். அதை "10 சதவீதம்" என்று எழுதி விடலாம். ஆனால், முதல் ஆண்டில் பணம் வளர்ந்தது 7 சதவீதத்துக்குச் சற்று மேல். பத்தாவது ஆண்டிலும் அதே வேகம்தான். பெருகிய அசலுக்குக் கிடைத்த வட்டியை, தொடக்க அசலோடு ஒப்பிட்டுக் காட்டுவதில்தான் வித்தை இருக்கிறது.

உண்மை வீதத்தை அறிய ஒரு வழி உண்டு. 1 லட்சம் ரூபாய் போட்டால் முதல் ஓர் ஆண்டு முடிவில் எவ்வளவு ஆகும் என்று கேட்க வேண்டும். 1,07,186 ரூபாய் என்று சொன்னால், உண்மை வீதம் ஏறக்குறைய 7.19 சதவீதம். அதற்கு மேல் இல்லை.

ரசீதில் எழுதிய தொகை வரவில்லை!

தம்பி 10 லட்சம் ரூபாய் போட்டிருந்தால், ரசீதில் முதிர்வுத் தொகை 14,14,778 ரூபாய் என்று இருக்கும். 5 ஆண்டு கழித்துப் போனால் 13,66,900 ரூபாய் அளவில்தான் கொடுக்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். 47 ஆயிரம் ரூபாய்க்கு மேல் குறைகிறது. பாங்கி தவறு செய்து விட்டதா?

வருமான வரிப் பிடித்தம்தான் காரணம். கைக்கு வராத வட்டிக்கும், அது சேரும் ஆண்டிலேயே வரி பிடிக்க வேண்டும் என்பது சட்டம். 2025 ஏப்ரல் 1 முதல், ஒரு பாங்கியில் ஆண்டு வட்டி 50 ஆயிரம் ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிக்கிறார்கள். 60 வயது நிரம்பியவர்களுக்கு வரம்பு 1 லட்சம் ரூபாய். தம்பிக்கு முதல் ஆண்டு வட்டியே 71 ஆயிரத்துக்கு மேல்.

அண்ணன் முறையில், பிடித்தது போக மீதி வட்டி கைக்கு வரும். அசல் குறையாது. தம்பி முறையில், பெருகிக் கொண்டிருக்கும் தொகையிலிருந்தே வரியை எடுக்கிறார்கள். காலாண்டு தோறும் எடுத்தால், 5 ஆண்டில் வரியாகப் போவது 40 ஆயிரத்து 700 ரூபாய் அளவு. அது தம்பியின் பெயரில் வரி வரவாக இருக்கும். அந்த வரிப் பணம் போட்டிருக்க வேண்டிய குட்டி சுமார் 7,100 ரூபாய். அது திரும்பாது.

வரி கட்ட வேண்டிய அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள், ஒவ்வொரு நிதி ஆண்டுத் தொடக்கத்திலும் அதற்கான உறுதிமொழிப் படிவத்தைப் பாங்கியில் கொடுத்து விட வேண்டும். முதல் ஆண்டு கொடுத்து விட்டு மறந்தால், இரண்டாவது ஆண்டில் பிடித்து விடுவார்கள்.

ரசீதைப் பாருங்கள்

டெபாசிட் ரசீதில் வட்டி வீதம் மட்டும் இருக்காது. முதிர்வுத் தேதியும் முதிர்வுத் தொகையும் இருக்கும். கையெழுத்துப் போடும் முன்பே அந்தத் தொகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

1 லட்சம், 7 சதவீதம், 5 ஆண்டு என்ற டெபாசிட்டுக்கு 1,41,478 என்று எழுதியிருந்தால், காலாண்டுக் கூட்டு வட்டி. 1,40,255 என்றிருந்தால், ஆண்டுக்கு ஒரு தடவைதான் அசலில் சேர்க்கிறார்கள். 1,35,000 என்றிருந்தால், தனி வட்டி. வெறும் 1,00,000 என்றிருந்தால், வட்டி இடையிடையே கைக்கு வரும் அண்ணன் முறை.

வீதத்தை வாயால் சொல்வார்கள். வட்டி குட்டி போடுமா, போடாதா என்பதைச் சொல்வது அந்த ஒரு தொகைதான்.