200 ரூபாய் டொலர்: விலைச்சீட்டு இருந்தது, சாமான் இருக்கவில்லை



நேற்று மஃரிபுக்குப் பிறகு பாமன்கடையில் பருப்பு வாங்க நின்றேன். கடைக்கார நாநா விலையைச் சொன்னார், எனக்கு முகம் மாறியது. அதைப் பார்த்துவிட்டு, "என்ன சேர் செய்ற? அமெரிக்காக்காரன் டொலர ஏத்திட்டான். அந்தக் காலத்துல மாதிரி 200லயே புடிச்சி வெச்சிருந்தா நமக்கு இந்தக் கஷ்டம் இல்லயே" என்றார். நின்ற இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

இந்தப் பேச்சு ஊரில் அடிக்கடி கேட்கிறது. அதில் பாதி சரி. மற்றப் பாதி நம்மை மறுபடியும் வரிசையில் நிறுத்தக்கூடியது. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சரியான பாதி. 2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியைக் கூட்டத் தொடங்கியது. பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருந்த வட்டி அடுத்த வருடம் 5 வீதத்தையும் தாண்டியது. அமெரிக்காவிலேயே ஆபத்தில்லாமல் இவ்வளவு வட்டி கிடைக்கும்போது பணக்காரன் தன் காசை ஏன் நம்மைப் போன்ற நாடுகளில் வைக்க வேண்டும்? விற்றான், டொலராக்கினான், கொண்டு போனான். எல்லோரும் டொலர் கேட்டால் டொலர் ஏறும், மற்ற நாட்டுக் காசு இறங்கும். அந்த வருடம் வளரும் நாடுகளின் பங்குச் சந்தைகள், டொலரில் பார்த்தால், மொத்தமாக ஏறக்குறைய 20 வீதம் விழுந்தன.

நமக்கு இது கூடுதலாக வலிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவுஸ்திரேலியாவிலிருந்து பருப்பு வந்தாலும், இந்தியாவிலிருந்து மருந்து வந்தாலும், பில் பெரும்பாலும் அமெரிக்க டொலரில்தான் வருகிறது. ஆகவே அந்த நாட்டுக் காசும் நம் காசோடு சேர்ந்து விழுந்தால்கூட, நமக்கு உடனே மலிவாகக் கிடைப்பதில்லை.

எண்ணெயை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். 2021 டிசம்பரில் ஒரு பீப்பாய் மசகு எண்ணெய் சுமார் 75 டொலர், டொலர் 200 ரூபாய். அப்போது பீப்பாய் 15,000 ரூபாய். 2022 ஜூன் ஆரம்பத்தில் எண்ணெய் சுமார் 120 டொலர், டொலர் 360 ரூபாய். பீப்பாய் 43,200 ரூபாய். டொலர் 200லேயே நின்றிருந்தால் 24,000 ரூபாய்தான். அதாவது கூடிய 28,200 ரூபாயில் 9,000 ரூபாய் மட்டும்தான் எண்ணெய் விலையால் வந்தது. மிச்சம் 19,200 ரூபாயும் நம் ரூபாய் விழுந்ததால் வந்தது. சுத்திகரிப்புச் செலவும் வரியும் வேறு. ஒரு லீற்றர் பெற்றோல் 177 ரூபாயிலிருந்து ஆறே மாதத்தில் 470 ரூபாய்க்குப் போனது இப்படித்தான்.

"அதுதான் சேர், 200ல வெச்சிருந்தா 24,000 தானே?" என்று நாநா கேட்பார். பிழை இங்கேதான் இருக்கிறது.

200 என்று மத்திய வங்கி அறிவித்தால் போதாது. அந்த விலைக்குக் கேட்கிறவனுக்கு டொலரை எடுத்துக் கொடுக்கவும் வேண்டும். 2019 முடிவில் நம் கையிருப்பு 760 கோடி டொலர். 2022 மார்ச்சில் அது 190 கோடி. அதிலும் பெரும் பகுதி சீனாவோடு செய்த நாணய மாற்று. நினைத்தபடி எடுத்துச் செலவழிக்க முடியாத காசு. மே மாதம் அப்போதைய நிதியமைச்சர் அலி சப்ரி பாராளுமன்றத்தில், பாவிக்கக்கூடிய கையிருப்பு 5 கோடி டொலர்கூட இல்லை என்றார். சாமான் முடிந்த கடையில் தட்டில் ஒட்டியிருக்கும் பழைய விலைச்சீட்டை யோசித்துப் பாருங்கள். அதுதான் 200 ரூபாய் டொலர். விலை மலிவுதான், வாங்கத்தான் கிடைக்கவில்லை. இறக்குமதிக்காரர் வங்கிக்குப் போனால் டொலர் இல்லை என்றார்கள். காஸும் பால்மாவும் வரிசையில் நின்றும் கிடைக்காமல் போனது விலைச்சீட்டு மாறுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

அந்தச் சீட்டு இன்னொரு வேலையும் செய்தது. அது நம் வீடுகளுக்கு நன்றாகத் தெரியும். சவூதி ரியாலும் அமீரக திர்ஹமும் டொலரோடு கட்டப்பட்டவை. நம் பிள்ளைகள் அங்கே உழைப்பது டொலர் உழைப்புதான். வங்கி 203 ரூபாய் தரும்போது உண்டியல்காரன் சுமார் 240 ரூபாய் தந்தான். 500 டொலர் அனுப்பும் பிள்ளைக்கு அது 18,500 ரூபாய் வித்தியாசம். அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த டொலர் நாட்டுக்குள் வரவில்லை. 2020இல் வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாக 710 கோடி டொலர் அனுப்பினார்கள். 2021இல் அது 549 கோடி, 2022இல் 379 கோடி. ரூபாயைக் காப்பாற்றப் போட்ட வேலியே டொலரை வெளியே துரத்தியது. 2022 மார்ச் 7ஆம் திகதி வேலியை எடுத்தபோது பிடித்து நிறுத்தக் கையில் ஒன்றும் இருக்கவில்லை. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தோம்.

இனிப் பங்குச் சந்தை. "அது பணக்காரர் விளையாட்டு" என்று விட்டுவிடாதீர்கள். தனியார் துறையில் வேலை செய்கிறவர்களின் ஈபிஎஃப் காசும் அங்கே இருக்கிறது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 வீதப் புள்ளிகள் கூட்டியது. அந்த வருடமே திறைசேரி உண்டியல் வட்டி 30 வீதத்தையும் தாண்டியது. அரசாங்கப் பத்திரம் அவ்வளவு தரும்போது பங்கை யார் வைத்திருப்பார்? கொழும்புப் பங்குச் சந்தையையே ஏப்ரலில் ஐந்து நாள் மூடி வைத்தார்கள். 2021 முடிவில் 12,226ஆக இருந்த அனைத்துப் பங்கு விலைச்சுட்டெண் 2022 முடிவில் 8,489. ரூபாயில் 31 வீத நட்டம். ஆனால் வெளிநாட்டுக்காரன் டொலரில்தான் எண்ணுவான். டொலர் அதற்குள் 200இலிருந்து 363 ஆகிவிட்டது. அவன் போட்ட ஒவ்வொரு 100 டொலரிலும் 38 டொலர்தான் மிஞ்சியது. அப்படிப்பட்டவன் திரும்பி வர எத்தனை வருடமாகும்?

அமெரிக்காக்காரன்தான் காரணம் என்றால் பக்கத்து வீட்டையும் பார்க்க வேண்டும். அதே 2022இல், அதே டொலருக்கு முன்னால், இந்திய ரூபாய் 74இலிருந்து 83க்குப் பக்கத்தில் போனது. டொலர் அங்கே 11 வீதம் ஏறியது, இங்கே 80 வீதம். நாமும் இந்தியா அளவுக்கு மட்டும் விழுந்திருந்தால் அந்தப் பீப்பாய் 27,000 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். அவர்கள் சந்தை ரூபாயில் 4 வீதம் கூடியே முடிந்தது. காற்று எல்லா வீட்டுக்கும் அடித்தது. கூரை பறந்தது நம் வீட்டில்தான்.

நாநாவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். அடுத்த முறை டொலர் ஏறும்போது "புடிச்சி வைங்க" என்று கேட்காதீர்கள். மூன்று விஷயங்களைப் பாருங்கள். பக்கத்து நாட்டுக் காசும் அதே அளவு விழுகிறதா? விழுந்தால் அது டொலரின் பலம்; நம் காசு மட்டும் விழுந்தால் வருத்தம் நம்மிடம். மத்திய வங்கி மாதாமாதம் வெளியிடும் கையிருப்புத் தொகை ஏறுகிறதா, இறங்குகிறதா? வங்கி விலைக்கும் உண்டியல் விலைக்கும் இடையில் எவ்வளவு தூரம்? அந்த இடைவெளி ஐந்து, பத்து, முப்பது ரூபாய் என்று அகலத் தொடங்கினால், வங்கிச் சீட்டில் உள்ள விலை பொய் என்று விளங்கிக்கொள்ளலாம்.

டொலர் 310 ஆகி, 320 ஆகி மெல்ல ஏறுவது கஷ்டம்தான். என் சம்பளத்துக்கும் கஷ்டம்தான். ஆனால் அந்த விலைக்குப் பருப்பு கடையில் இருக்கும். 200இல் அது இருக்கவில்லை.

நாநா பருப்பை நிறுத்துக் கொடுத்துவிட்டு, "அப்ப உண்டியல்ல அனுப்ப வேணாம்னு மகனுக்குச் சொல்லவா சேர்?" என்று கேட்டார். இப்போது இரண்டு விலைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று மகனிடமே கேட்டுப் பார்க்கச் சொன்னேன்.