ஒரே வாயு, இரண்டு நோட்டு

பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுத்தவர்கள் வெப்ப இயக்கவியலை இரண்டு முறை படிக்கிறார்கள். அக ஆற்றல், வேலை, முதல் விதி என்று இயற்பியலில் ஒரு தடவை. அதையே வேதியியலில் மறுபடியும். ஆசிரியர்கள் வேறு, நோட்டுகள் வேறு, பல பள்ளிகளில் நடத்தும் மாதமும் வேறு. இந்தப் பொதுப் பகுதியை ஒரே வாரத்தில் ஒரே பாடமாக நடத்தவேண்டும் என்பது நம் கருத்து.

தனித்தனியாகப் படிப்பதால் நேரம் மட்டும் போகவில்லை, குழப்பமும் சேர்கிறது. இயற்பியல் புத்தகம் முதல் விதியை ΔU = Q − W என்கிறது. வேதியியல் புத்தகத்தில் அது ΔU = q + w. விதி ஒன்றுதான், வேலையின் குறியீடுதான் மாறுகிறது. நீராவி இயந்திரத்தை வைத்து வளர்ந்த இயற்பியல், வாயு வெளியே செய்து தரும் வேலையை நேர்க்குறியாக எடுக்கிறது. வாயுவுக்குள் என்ன சேர்ந்தது என்று கணக்குப் பார்க்கும் வேதியியலுக்கு அதே வேலை எதிர்க்குறி.

ஒரு வாயு 500 ஜூல் வெப்பத்தை ஏற்று, விரிவடைந்து 200 ஜூல் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். இயற்பியல் வழியில் 500 − 200 = 300. வேதியியல் வழியில் w என்பது −200, ஆகவே 500 + (−200), அதுவும் 300. இயற்பியலின் +200-ஐ வேதியியல் சமன்பாட்டில் போடுபவருக்கு 700 வரும். வேலை செய்து செலவழித்த வாயுவிடம், வாங்கிய 500-ஐவிட அதிகம் எப்படிச் சேர்ந்திருக்கும்? இந்தக் கேள்வியை யாரும் கேட்டுப் பழக்காததால்தான் 700 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள்.

வெப்பநிலை மாறாமல் வாயு மெல்ல விரியும்போது செய்யும் வேலைக்கும் இதே கதிதான். ஒரு புத்தகத்தில் nRT ln(V₂/V₁), இன்னொன்றில் −2.303 nRT log(V₂/V₁). ln என்பதே 2.303 log என்று தெரிந்தவருக்கு மனப்பாடம் செய்ய ஒரு சூத்திரம்தான் உண்டு.

எல்லாம் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். கார்னோ இயந்திரத்தை இயற்பியல் ஆசிரியர்தான் விரிவாக நடத்தவேண்டும். ஹெஸ் விதியும் கிப்ஸ் ஆற்றலும் வேதியியலுக்கே உரியவை. தேர்வு நெருங்கும்போது பொதுப் பகுதியை முடித்த தெம்பில் இவற்றைத் தொடாமல் விடுவோரும் உண்டு. அவர்களுக்கு மிச்சமான நேரம் மதிப்பெண்ணில் போய்விடும்.

அவரவர் போர்ஷனை முடிக்கவே நாள் போதவில்லை என்று ஆசிரியர்கள் சொல்வது உண்மையே. அடிப்படையை ஒருவர் நடத்தி முடித்தால் மற்றவருக்கு அந்த வகுப்புகள் மிச்சமாகும் என்பதால்தான் இதைச் சொல்கிறோம். ஜூனில் பாடவேளை போடும்போது இந்த இரு அலகுகளையும் அடுத்தடுத்து வைக்கட்டும். குறியீட்டைச் சொல்லித்தரும் அந்த ஒரு வகுப்புக்கு மட்டும் இருவரும் சேர்ந்து வந்து, கரும்பலகையின் இரு பாதியில் ஒரே கணக்கைப் போட்டுக்காட்டட்டும்.